செருப்பைக் கழற்றிட்டீங்க, சரி. கெமராவை?

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போகும்போது இறம்பொடையில் எப்போதும் கொஞ்சம் நெரிசல்தான். ஒரு பக்கம் நீர்வீழ்ச்சி. இன்னொரு பக்கம், கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி மேட்டில் சின்மயா மிஷனின் பக்த அனுமன் கோயில். ராமாயண யாத்திரை என்று இந்தியாவிலிருந்து வருகிற வேன்கள் சீதா எலியாவுக்குப் போகிற வழியில் இங்கே நிற்காமல் போவதில்லை. வருகிறவர்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறார்கள். செருப்பைக் கழற்றுகிறார்கள், கட்டைக் காற்சட்டை போட்டவர்கள் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் ஃபோனை உயர்த்துகிறார்கள்.

நாங்கள் பேச வந்தது அந்த ஃபோனைப் பற்றி. இறம்பொடைக் கோயிலைப் பற்றிய முறைப்பாடு இல்லை இது. அதைச் சுற்றி, வீதியிலிருந்து தெரியாத மலைகளுக்குள், ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிற எங்கள் தோட்டத்துக் கோயில்களைப் பற்றியது. பெரிய கோயிலுக்கு வருகிற கெமரா இப்போது அங்கேயும் வருகிறது. "யாரும் போகாத இடம்", "மறைந்திருக்கும் திருவிழா" என்று தலைப்புப் போட்டுக்கொண்டு வருகிறது.

கோயிலில் படம் எடுக்க விதி இருக்கிறதா என்று கேட்டால் யாரும் சொல்வது இரண்டு விஷயம்தான்: உடுப்பு, செருப்பு. இரண்டும் சாமிக்குக் காட்டுகிற மரியாதை. அந்த நேரத்தில் கும்பிட்டுக்கொண்டிருக்கிற மனுஷிக்கு என்ன மரியாதை என்று எந்தப் பலகையிலும் எழுதியிருப்பதை நாங்கள் பார்த்ததில்லை. சட்டையும் காலும் சுத்தமாக இருந்தால் போதும், அதுக்கப்புறம் யார் முகத்தையும் அள்ளிக்கொண்டு போகலாம் என்பதுதான் இன்றைய நடைமுறை. இது தப்பு என்கிறோம்.

எங்களில் ஒருத்தியின் அத்தையின் கதையைச் சொல்கிறோம், அவர் அனுமதியோடு. பெயர் வேண்டாம் என்றார், தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்றார். மாரியம்மன் திருவிழாவில் பல வருஷமாகக் கரகம் எடுக்கிறவர். ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, தப்புச் சத்தத்தோடு லயத்துக்கு லயம் வந்து, கோயில் வாசலுக்கு வரும்போது அவருக்கு அருள் வரும். தலைமுடி அவிழும், சேலை விலகும், கண் செருகும். சுற்றி நிற்கிற பெண்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள், சேலையைச் சரி பண்ணிவிடுவார்கள், வேப்பிலையும் தண்ணியும் கொடுப்பார்கள். அது அவர்களுடைய வேலை, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முடிந்த பிறகு அத்தைக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. கேட்டால், "நான் இல்லையே அது" என்பார்.

அந்த முறை ஒரு பயணச் சேனல்காரர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார், செருப்பை லயத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். குறை சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து அத்தை நாற்பது செக்கன் வந்தார், யூடியூபில். பின்னணியில் தப்பு இல்லை, ஏதோ பேய்ப்படச் சங்கீதம். கீழே வந்த கமென்ட்களை இங்கே எழுத மாட்டோம். கொழும்பில் கடையில் வேலை செய்கிற அவருடைய மகனுக்கு அதைக் காட்டியது கூட வேலை செய்கிற பையன். மகன் போன் பண்ணி அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏம்மா இப்படி ஆடுன?" அடுத்த வருஷம் அவர் கரகம் எடுக்கவில்லை.

வீடியோவை எடுக்க வைக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. யூடியூபில் தனியுரிமைப் புகார் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பொதுவாகப் படத்தில் இருக்கிறவரே கொடுக்க வேண்டும், மருமகள் கொடுத்தால் எடுபடாது. தன்னை அடையாளம் காண முடிகிறது என்று காட்ட வேண்டும், வீடியோவில் எத்தனையாவது நிமிஷத்தில் என்று குறிப்பிட வேண்டும். அதன் பிறகு போட்டவருக்கு 48 மணித்தியாலம் கொடுப்பார்கள், அவரே வெட்டவோ முகத்தை மங்கலாக்கவோ. அத்தையிடம் ஈமெயில் இல்லை. அவர் ஃபோனில் ஒரு கணக்குத் திறந்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த நாற்பது செக்கனை அவரே திரும்பத் திரும்பப் பார்க்கும்படி செய்து புகாரை நிரப்பினோம். அதுதான் எங்களுக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. சேனல்காரர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார், நல்ல மனுஷன் என்றே சொல்லலாம். ஆனால் அதற்குள் அது ஃபேஸ்புக்கில் வேறு வேறு பக்கங்களுக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் தனிப் புகார். மூன்றாவதோடு அத்தை, "போதும் பாப்பா, விடு" என்று சொல்லிவிட்டார்.

இதில் யாரும் சாமியை அவமதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனாலேயே நம்முடைய சட்டத்தில் இதற்கு இடமில்லை. 2012இல் மூன்று பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள் புத்தர் சிலையை முத்தமிடுகிற மாதிரிப் படம் எடுத்து, கழுவக் கொடுத்த காலி ஸ்டூடியோக்காரர் பொலிசுக்குச் சொல்லி, நீதிமன்றம் அவர்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்தது. 2025 ஏப்ரலில் கண்டியில் தலதா கண்காட்சி நடந்தபோது, கெமராவும் ஃபோனும் தடைசெய்யப்பட்ட இடத்தில் எடுத்ததாக ஒரு தந்ததாதுப் படம் சுற்றியது. உடனே சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவு போனது. குற்றவியல் சட்டக் கோவையில் 290, 291 பிரிவுகள் வழிபாட்டு இடத்தைப் பழுதாக்குவதையும் வழிபடும் கூட்டத்தைக் குழப்புவதையும் குற்றமாக்குகின்றன. சத்தம் போட்டால் குழப்பம். சத்தமே இல்லாமல் ஒரு பெண்ணின் முகத்தை ஸூம் பண்ணினால்? யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு சின்ன வெளிச்சம் உண்டு. ஒருவரின் மத நம்பிக்கையை வெளிப்படுத்துகிற தகவலை அது விசேட வகை என்று பிரித்து வைத்திருக்கிறது. கும்பிடுகிற ஒருவரின் முகத்தை விடப் பச்சையாக மத நம்பிக்கையைக் காட்டுவது எது? வீட்டுக்காக, சொந்தத் தேவைக்காக எடுப்பதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் விளம்பரக் காசு வருகிற சேனல் எப்படி வீட்டுத் தேவை ஆகும் என்பது எங்கள் கேள்வி. கேட்க இன்னும் இடம் திறக்கவில்லை. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டிய முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே இப்போதைக்கு விதி போட வேண்டியது கோயில்கள்தான்.

தமிழ்நாட்டில் ஒரு வழி கண்டார்கள். 2022 டிசம்பரில் மதராஸ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவிட்டது. வாசலில் ஃபோனை வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். திருச்செந்தூரிலிருந்து வந்த அந்த வழக்கில், பெண் பக்தர்களைத் தெரியாமல் படம் எடுத்துத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அது சரியான காரணம். ஆனால் அந்த மருந்து நமக்கு ஒத்துவராது. மூன்று பக்கம் சுவரும் ஒரு தகரக் கூரையும் இருக்கிற கோயிலில் டோக்கன் கவுன்டர் எங்கே போடுவது? அதைவிட முக்கியம், திருவிழா அன்று லயத்தில் பாதி வீடுகளில் யாரோ ஒருவர் ஊரில் இல்லை. கொழும்பில் கடை, கட்டுநாயக்கவில் ஃபெக்டரி, குவைத்தில் வீட்டு வேலை. தேர் வெளிக்கிடும்போது வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்துக் காட்டுகிற தங்கச்சிதான் அவர்களுக்குத் திருவிழா. அந்த ஃபோனையும் பிடுங்கச் சொல்கிற விதியை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

அப்படியென்றால் எந்த இடத்தில் கோடு போடுவது? இதைப் பற்றிப் பல நாள் சண்டை போட்டோம். கடைசியில் எங்களுக்கு வழி காட்டியது சட்டம் இல்லை, கெமரா நிற்கிற இடம். தீபாராதனை நேரத்தை நினைத்துப் பாருங்கள். திரை விலகுகிறது, மணி அடிக்கிறது, எல்லாரும் உள்ளே பார்க்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று எடுத்தால் படத்தில் தீபமும் சாமியும் மற்றவர்களின் முதுகும் தலையும் தெரியும். யார் என்று தெரியாது. படம் அழகாகவும் இருக்கும். ஆனால் வீடியோ எடுக்கிறவர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு வேண்டியது கண்ணீர் வழிகிற முகம், நடுங்குகிற உதடு. அதை எடுக்க ஒரே வழி சாமிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பது. அந்த நிமிஷத்தில் அவர் கும்பிட வந்தவர் இல்லை, பிடிக்க வந்தவர். யாரும் வாயைத் திறக்காமலே இதைக் கண்டுபிடித்துவிடலாம், குதிகால் எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும்.

ஆகவே எங்கள் முதல் விதி: சாமிக்கும் சனத்துக்கும் நடுவில் கெமரா நிற்கக் கூடாது. சனத்தின் பின்னால் நின்று எடு. முகம் வேண்டுமென்றால் பூசை முடிந்து, விபூதி வாங்கி, வெளியே வந்த பிறகு அவரிடம் கேள். பக்கத்தில் போகாமல் தூரத்திலிருந்து பெரிய லென்ஸ் போட்டால் பரவாயில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். அது இன்னும் மோசம். பக்கத்தில் நின்றால் அவருக்குத் தெரியும், முகத்தைத் திருப்பவாவது முடியும்.

இரண்டாவது விதி அருள் வந்தவர்களைப் பற்றியது. இதில் எங்களுக்குச் சமரசம் இல்லை. அருளில் இருக்கிறவரால் சரி என்று சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. ஆகவே அந்த நேரத்தில் வெளியாள் கெமரா இறங்க வேண்டும். பறவைக் காவடிக்கும் அலகு குத்துவதற்கும் இதே கதைதான். நேர்த்திக்கடன் வைத்தவர் தன் வலியைச் சாமிக்குக் கொடுத்தார், உங்களுக்கு அல்ல. "எடுத்து வைச்சுக்கிறோம், பிறகு கேட்டுப் போடுறோம்" என்றால் ஒரு நாளாவது கழித்து, அவர் வீட்டுக்குப் போய், எடுத்ததை முழுசாகக் காட்டி, எங்கே போடப் போகிறோம், அதில் காசு வருமா என்று தமிழில் சொல்லிக் கேட்க வேண்டும். திருவிழா முடிந்த இரவில், களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவரிடம் தலையாட்டு வாங்குவது சம்மதம் இல்லை. பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், அதற்கு ஒரு ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் தாய் தகப்பனிடம்.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கேட்கிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். யாரிடம் கேட்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. வெளியிலிருந்து வருகிற குழு முதலில் துரையிடம் போகும், இடம் கம்பனியுடையது என்பதால். துரை சரி என்பார். கொஞ்சம் விவரமானவர்கள் கோயில் தலைவரிடமும் கேட்பார்கள். அவரும் சரி என்பார், ஒரு சால்வையும் போடுவார். இரண்டு பேரும் கொடுத்தது இடத்துக்கான அனுமதி. அத்தையின் முகத்தை எடுத்துக் கொடுக்கிற உரிமை துரைக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை. கோயில் செலவுக்கு மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது அத்தையின் காசும்தான். வாசலில் "உள்ளே வருகிறவர்கள் படம் எடுக்கச் சம்மதிக்கிறார்கள்" என்று எழுதி ஒட்டுகிற புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. ஹோட்டலில் ஒட்டலாம், பிடிக்காவிட்டால் வேறு ஹோட்டலுக்குப் போகலாம். தன்னுடைய குலசாமியை விட்டு எந்தக் கோயிலுக்குப் போவது?

உடுப்பையும் செருப்பையும் நாங்கள் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. அதிலும் தெரியாமல் நடக்கிற தவறுகள் இருக்கின்றன. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படமே கிடையாது. அங்கே எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கம் கோயில் எங்கே தொடங்குகிறது என்றே வெளியாட்களுக்குத் தெரியாது. கவ்வாத்து மலையில் ஒரு கல்லும் சூலமும் இருக்கும், அது கவ்வாத்துச் சாமி. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அங்கே தேங்காய் உடைப்பார்கள். கொழுந்துச் சாமி என்று இன்னொன்று. பழைய ஃபெக்டரிகளில் ரோதமுனி. சுவர் இல்லை, மணி இல்லை, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகையும் இல்லை. கொழுந்து எடுக்கிற அம்மாமார் அந்த இடம் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டுகிறார்கள், அட்டை கடித்தாலும். ட்ரோன் பறக்கவிட வந்த ஒரு குழு அந்தக் கல்லின் மேலேயே சாமான் பையை வைத்ததை நாங்கள் பார்த்தோம். வேண்டுமென்று செய்ததில்லை, கல் என்று நினைத்தார்கள். அதனால் விதி எளிது: மலைக்குள் போகுமுன் அந்த டிவிஷன் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கழற்றுகிற இடத்தில் கழற்றுங்கள். ட்ரைபொட் கால்களும் கால்தான், வீதியிலும் சேற்றிலும் நின்ற கால். கழுவித் துடைத்த பிறகு உள்ளே வைக்கலாம். தோல் பட்டி, தோல் பை வெளியே. தீமிதிப்பில் குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே, பூசாரியும் விரதம் இருந்தவர்களும் தவிர யாரும் போகக் கூடாது. அது தீட்டுக்காக மட்டும் இல்லை. குறுக்கே ஒரு ஆள் நின்றால் நெருப்பில் நடக்கிறவர் தயங்குவார், தயங்கினால் கால் வேகும்.

இதையெல்லாம் சொன்னால் வருகிற பதில் எங்களுக்குத் தெரியும். "மலையகத்தை யாரும் கண்டுக்கிறதே இல்லைன்னு நீங்கதான் கத்துறீங்க. இப்ப யாரோ வந்து காட்டுறாங்க, அதுக்கும் தடையா?" 2024 நவம்பரில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ராமாயண யாத்திரைக்கு ஒரு விளம்பரப் படம் போட்டது, இந்தியாவில் பெரிதாகப் பரவியது. அதில் கதை சொல்கிற பாட்டியும் கேட்கிற பேரனும் நடிக்க வந்தவர்கள், கெமரா இருப்பது அவர்களுக்குத் தெரியும். அது ஒரு தொழில். அத்தைக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

காட்டுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களைப் படம் எடுப்பது புதுசு இல்லை. உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கமரூன் கடைசிக் காலத்தை இலங்கையில்தான் கழித்தார், 1879இல் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கே அவர் எடுத்த உள்ளூர் மக்களின் படங்களில் பெயர் தேடிப் பாருங்கள். அதன் பிறகு பிளாட்டே கம்பனியின் தபாலட்டைகள்: தமிழ்ப் பெண், தமிழ்க் கூலி. மூக்குத்தி தெரியும், கூடை தெரியும், பெயர் இருக்காது. இன்றைக்குத் தேயிலைப் பெட்டியில் சிரிக்கிறவருக்கும் இருக்காது. 150 வருஷமாகக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் கையும் சுத்தம் இல்லை. போன வருஷம் ஒரு ஒப்படைக்காகக் காமன் கூத்தை வீடியோ எடுத்தோம். மாசி மாதக் குளிரில் விடிய விடிய நின்று எடுத்தோம், ரதியாக வேஷம் கட்டிய அண்ணன் அழுகிற இடத்தில் முகத்துக்கு நேரே லைட் அடித்தோம். நம்ம தோட்டம், நம்ம ஆட்கள், கேட்க என்ன இருக்கு என்று நினைத்தோம். விரிவுரை மண்டபத்தில் அதைப் போட்டபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அந்த அண்ணனிடம் நாங்கள் போய்ச் சொன்னது பல மாதம் கழித்துத்தான். "பல்கலைக்கழகத்துல காட்டுனீங்களா" என்று கேட்டார், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஊர்க்காரன் என்பது அனுமதிச்சீட்டு இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எங்கள் விதியில் "வெளியாள்" என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு "படம் எடுக்கிற யாரும்" என்று மாற்றினோம்.

அத்தையின் தோட்டத்துக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் மூன்று விதிகளை வைத்தோம். தலைவர் கோபப்படவில்லை. "படம் வந்தா நாலு பேர் வருவாங்க, உண்டியல்ல விழும், கோபுர வேலை பாதியில நிக்குது" என்றார். நியாயமான கவலை. நாங்கள் சொன்னது, கோபுரத்தை எடுக்கட்டும், தேரை எடுக்கட்டும், தப்படிக்கிறவங்களைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும், அதைப் பார்த்தும் சனம் வரும். வாசலில் ஒரு மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னால் வராமல் போகிறவர்கள் உண்டியலில் போடுகிறவர்களும் இல்லை. பெண்கள் பக்கம் இருந்து ஒரு பாட்டி எழுந்து, "கரகம் எடுக்க ஆள் இல்லாமப் போனா கோபுரம் எதுக்கு?" என்று கேட்ட பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

முடிவு: சாமிக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டார்கள். அருள் வரும்போது கெமரா இறங்க வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். அதைச் சொல்லிக் கெமராவை இறக்க வைக்கிற பொறுப்பை, சேலையைச் சரி பண்ணிவிடுகிற அதே பெண்களிடமே கொடுத்திருக்கிறார்கள். பிறகு வேண்டாம் என்றால் வீடியோவை எடுக்க வேண்டும், அதற்கு எழுத்தில் பெயரும் நம்பரும் வாங்கி வைக்க வேண்டும் என்ற மூன்றாவது விதி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. "யார் அந்தப் பேப்பரை வைச்சிருக்கிறது?" என்ற கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. உங்கள் தோட்டத்துக் கோயிலில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால், எந்தக் கொப்பியில் எழுதி யாரிடம் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். கூட்டம் மாசிக்கு முன்னாடி.